ஆகஸ்ட்டில் பிள்ளைகளை எந்தக் கடலில் இறக்கலாம்?

ஆகஸ்ட் மாதம் இலங்கையைச் சுற்றி இரண்டு விதமான கடல் இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று ஹிக்கடுவ, மிரிஸ்ஸ பக்கத்துக் கரைகளில் நேராக மோதி அலையைக் கிளப்பிவிடும். அதே காற்று தீவைக் கடந்து கிழக்கே வரும்போது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால், நிலாவெளியும் பாசிக்குடாவும் அடங்கிக் கிடக்கும். டிசம்பரில் வாடைக்காற்று வந்ததும் நிலைமை தலைகீழாகிவிடும்.

ஆனால், விடுமுறைக்கு வரும் குடும்பம் ‘கிழக்குக் கரை’ என்று முடிவெடுத்தால் பாதி வேலைதான் முடிந்தது. அறுகம்பையும் கிழக்கில்தான் இருக்கிறது. அங்கே அலைச்சறுக்குக்காரர்கள் உலகெங்கிலுமிருந்து வந்து கூடுவது இதே மாதங்களில்தான்.

காரணம், எல்லா அலையும் உள்ளூர்க் காற்றில் பிறப்பதில்லை. இந்துமாக்கடலின் தென்கோடியில், அண்டார்க்டிகாவை அண்டிய கடலில், எழும் புயல்கள் கிளப்பும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவந்து தீவின் தென்கிழக்கு முனையைத் திரும்பி அறுகம்பையை அடைகின்றன. அங்கே காற்றே இல்லாத நாளிலும் அவை வரும். பாசிக்குடாவோ இன்னும் வடக்கே, உள்வாங்கிய குடாவாக, வெளியே பாறைத்திட்டின் காப்போடு இருக்கிறது. வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுத் தண்ணீர்தான். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கரையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த அலைகளை அடையாளம் காணக் கைக்கடிகாரம் போதும். ஓர் அலை உடைவதற்கும் அடுத்தது உடைவதற்கும் இடையே ஐந்தாறு வினாடிதான் என்றால் அது அருகில் வீசும் காற்றின் வேலை. பன்னிரண்டு வினாடிக்கு மேல் போனால் தூரத்துப் புயலின் அலை. இது கூட்டமாக வரும்: சில நிமிடம் கடல் சாதுவாக இருக்கும், பிறகு நாலைந்து பெரிய அலைகள் அடுத்தடுத்து வந்து விழும். வந்த உடனே பிள்ளைகளை இறக்காமல், இருபது நிமிடமாவது கரையில் நின்று பார்க்கச் சொல்வது இதனால்தான். அலைகள் உடையும் வரிசைக்கு நடுவே ஓரிடம் மட்டும் உடையாமல், கருத்து, நுரை வெளியே போவதாகத் தெரிந்தால், அமைதியான இடம் என்று அங்கே இறங்கிவிடக் கூடாது. கரையில் ஏறிய தண்ணீர் ஆளையும் இழுத்துக்கொண்டு கடலுக்குத் திரும்பும் வழி அது.

பாசிக்குடாவிலும் ஒரு ஆபத்து உண்டு. கிழக்கு மக்கள் கச்சான் என்று சொல்லும் அந்த வெப்பமான தென்மேற்குக் காற்றுதான் கடலைத் தட்டையாக்குகிறது. காற்றடைத்த மிதவையில் கிடக்கும் பிள்ளையை ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போவதும் அதுவே. தண்ணீர் அசையாமல் இருப்பதால் பிள்ளை விலகிப்போவது பெற்றோருக்குச் சட்டென்று தெரியாது. கச்சான் பலமாக வீசும் நாளில் மிதவையை அறையிலேயே விட்டுவிட்டு, கையெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் கடல் பக்கமாக நிற்க வேண்டும்.