மாதவிலக்கை ஒட்டி வரும் வலிப்பு

“பீரியட்ஸ் நெருங்கினாலே ஃபிட்ஸும் வந்துவிடுகிறது” என்று ஒரு பெண் சொன்னால், வீட்டில் பெரும்பாலும் அதை மனக்கலக்கம் என்று தள்ளிவிடுகிறார்கள். தள்ளக் கூடாது. வலிப்பு நோயுள்ள பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, மாதச் சுழற்சியின் குறிப்பிட்ட நாட்களில் வலிப்பு கூடுகிறது.

காரணம் இரண்டு ஹார்மோன்கள். ஈஸ்ட்ரோஜென் மூளை நரம்புகளைத் தூண்டிவிடும். கருமுட்டை வெளியான பின் சுரக்கும் புரோஜெஸ்டிரான் அதற்கு நேர்மாறு. உடல் அதை அலோபிரெக்னனோலோன் என்ற பொருளாக மாற்றுகிறது. மூளையின் துடிப்பை அடக்கும் ‘காபா’ என்ற வேதிப்பொருளுக்கு அது வலுவூட்டுகிறது. மாதவிலக்குக்குச் சில நாட்கள் முன்பு புரோஜெஸ்டிரான் சட்டென்று சரிகிறது. பூட்டியிருந்த பிரேக்கைத் திடீரென்று எடுத்துவிட்டது போலத்தான். அந்த நாட்களில் வலிப்பு எளிதாகக் கிளம்பிவிடுகிறது. சிலருக்குக் கருமுட்டை வெளியாகும் சமயத்தில், ஈஸ்ட்ரோஜென் உச்சத்தில் இருக்கும்போது கூடுவதும் உண்டு.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனைவிட நாட்காட்டிதான் உதவும். உதிரப்போக்கு தொடங்கும் நாள் 1. அதற்கு முந்தைய மூன்று நாட்களும், தொடங்கிய பின் மூன்று நாட்களும் சேர்ந்து ஆறு நாட்கள். 28 நாள் சுழற்சியுள்ள ஒரு பெண்ணுக்கு மூன்று மாதங்களில் 12 முறை வலிப்பு வந்ததாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 84 நாட்களில் இந்த ஆபத்து நாட்கள் 18. வலிப்பு எல்லா நாட்களிலும் பரவலாக வருவதானால், இந்த 18 நாட்களுக்குள் இரண்டு மூன்றுதான் விழ வேண்டும். அவருக்கோ ஏழு விழுந்திருக்கிறது. மீதி 66 நாட்களுக்கு ஐந்துதான். நாளொன்றுக்கு என்று கணக்கிட்டால், ஆபத்து நாட்களில் சுமார் ஐந்து மடங்கு அதிகம்.

இந்த மடங்குக் கணக்கு சிகிச்சைக்கும் தேவைப்படுகிறது. அமெரிக்காவில் நடந்து 2012-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், வழக்கமான வலிப்பு மருந்தோடு புரோஜெஸ்டிரானையும் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் பெரிய பலன் தெரியவில்லை. ஆனால் மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் வலிப்பு மூன்று மடங்கோ அதற்கு மேலோ கூடும் பெண்களுக்கு அது குறைந்தது. நம் கணக்கிலுள்ள பெண் அந்த வகையில்தான் வருவார். இன்னொரு வழி, அந்தச் சில நாட்களுக்கு மட்டும் குளோபசாம் மாத்திரையைக் கூடுதலாகத் தருவது. அதைத் தினமும் போட்டால் பலருக்கு நாளடைவில் உடம்பு பழகி, வேகம் குறைந்துவிடும். விட்டு விட்டுக் கொடுப்பதால் அதைத் தவிர்க்கலாம். தூக்கக் கலக்கம் வரலாம். எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதை நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வழக்கமான மாத்திரையை நாமாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது.

நாட்காட்டியில் வலிப்பு வந்த தேதியோடு, மாத்திரை தவறிய நாளையும் தூக்கம் கெட்ட இரவையும் குறிக்க வேண்டும். இரண்டும் தனியாகவே வலிப்பைக் கிளப்பக்கூடியவை என்பதால், அவற்றை விட்டுவிட்டால் பழி தவறாக ஹார்மோன் மேல் விழும். தேதி தள்ளிப்போகும் பெண்களுக்கு ஆபத்து நாட்களை முன்கூட்டியே கணிப்பது கடினம். அவர்களுக்குச் சில நாள் மாத்திரை முறை அவ்வளவாகக் கைகொடுக்காது.