குடியைத் திடீரென நிறுத்தும்போது: முதல் ஐந்து நாட்கள்

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது மதுக்கடைகள் முன்னறிவிப்பின்றி மூடப்பட்டன. நாள்தோறும் குடித்துவந்த பலர் தாமாக விரும்பாமலேயே குடியை நிறுத்த நேர்ந்தது. அடுத்த சில நாட்களில் வலிப்பு, மனக்குழப்பம், கடும் நடுக்கம் ஆகியவற்றுடன் பலர் மருத்துவமனைகளுக்கு வந்தனர். தமிழகத்தில் வார்னிஷ் போன்றவற்றைக் குடித்துச் சிலர் உயிரிழந்தனர். கேரள அரசு, மருத்துவரின் சீட்டு இருப்போருக்கு மது வழங்கலாம் என்று மார்ச் 30 அன்று ஆணையிட்டது. மருத்துவர் சங்கங்கள் அதை எதிர்த்தன. ஏப்ரல் தொடக்கத்தில் கேரள உயர் நீதிமன்றம் அந்த ஆணைக்குத் தடை விதித்தது.

இந்நிகழ்விலிருந்து இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. நெடுநாள் மிகுதியாகக் குடித்த உடல், மது திடீரென நின்றால் ஆபத்துக்கு உள்ளாகிறது. அந்த ஆபத்திற்கு மருந்து மதுவன்று. அதற்கெனத் தனிச் சிகிச்சை உள்ளது. மருத்துவர்கள் அந்த ஆணையை எதிர்த்ததன் காரணமும் இதுவே.

வந்தவாசி, ஆரணி வட்டாரத்தில் இதே நிலை ஊரடங்கு இல்லாமலேயே ஏற்படுவதுண்டு. சபரிமலைக்கோ மேல்மருவத்தூருக்கோ மாலை அணிபவர்கள் அன்றே குடியை விடுகிறார்கள். சிலர் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு விடுகிறார்கள். நோக்கம் நல்லது. ஆனால் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் எவருடைய மேற்பார்வையும் இன்றி அவ்வாறு நிறுத்தினால் என்ன நேரும் என்பதைக் குடும்பத்தார் முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

மூளையில் நிகழ்வது என்ன?

மூளையின் இயக்கத்தை அடக்கும் தன்மை மதுவுக்கு உண்டு. நாள்தோறும் மது உள்ளே வரும்போது, அந்த அடக்கத்தை ஈடுசெய்ய மூளை தன் தூண்டும் ஆற்றலைப் பெருக்கிக்கொள்கிறது. அமைதிப்படுத்தும் ஆற்றலைக் குறைத்துக்கொள்கிறது. ஒரு கதவை அப்புறமிருந்து ஒருவர் ஓயாமல் தள்ள, இப்புறமிருந்து நாம் முழுப் பலத்துடன் தள்ளிக்கொண்டு நிற்பதாக வைத்துக்கொள்வோம். அவர் சட்டென்று விலகிவிட்டால் நாம் நம் பலத்தாலேயே முன்னால் போய் விழுவோம். மது நின்றவுடன் மூளைக்கு நேர்வது இதுதான். பெருகிய தூண்டுதல் அப்படியே இருக்கிறது. அதைத் தடுத்து நின்ற மது மட்டும் இல்லை. நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை, வலிப்பு ஆகிய அனைத்தும் அந்தத் தூண்டுதலின் வெளிப்பாடுகளே. மூளை பழைய நிலைக்குத் திரும்பச் சில நாட்கள் ஆகும்.

ஒரு நெசவாளரின் ஐந்து நாட்கள்

கீழே சொல்லப்படுவது ஒரு தனி மனிதரின் வரலாறு அன்று. பல நோயாளிகளிடம் காணப்படும் போக்கை ஒருங்கிணைத்த எடுத்துக்காட்டு.

நாற்பத்து நான்கு வயதுப் பட்டு நெசவாளர் ஒருவர் பதினைந்து ஆண்டுகளாகக் குடிப்பவர். இப்போது நாளொன்றுக்கு இரண்டு குவார்ட்டர், அதாவது 360 மில்லி பிராந்தி குடிக்கிறார். 180 மில்லி கொண்ட ஒரு குவார்ட்டரில் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் உள்ளது. ஆக நாளொன்றுக்கு 120 கிராம். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குக் கடைசியாகக் குடித்தார். திங்கள் காலை குளித்து மாலை அணிந்தார்.

திங்கள் முற்பகலில் தறியில் அமர்ந்தபோது அறுந்த இழையை முடிய முடியவில்லை, விரல்கள் நடுங்கின. உடல் வியர்த்தது, குமட்டியது, நெஞ்சு படபடத்தது. அன்றிரவு உறக்கம் இல்லை. கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்தே இவ்வறிகுறிகள் தொடங்கலாம். பலருக்கு இவை இரண்டு மூன்று நாட்களில் தாமாகவே தணிந்துவிடும். எவருக்குத் தணியும், எவருக்கு முற்றும் என்பதை வீட்டில் இருந்தபடி உறுதியாகச் சொல்ல இயலாது.

செவ்வாய்க் காலை அவருக்கு வலிப்பு வந்தது. மது நிறுத்தத்தால் வரும் வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் வருகிறது. அண்டை வீட்டார் கையில் சாவியைத் திணித்தனர். இரண்டு நிமிடத்தில் வலிப்பு நின்றது. சாவியால்தான் நின்றது என எண்ணி அவரை வீட்டிலேயே வைத்துக்கொண்டனர். வலிப்பு பெரும்பாலும் தானே நிற்கும். இரும்புக்கு அதில் பங்கில்லை. அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், உடனே மருத்துவமனைக்கு அழைத்து வந்திருக்க வேண்டும்.

புதன் இரவு அவர் சுவரில் பூச்சிகள் ஊர்வதாகச் சொன்னார். மனைவியை அடையாளம் தெரியவில்லை. எந்த ஊரில் இருக்கிறோம் என்பதும் தெரியவில்லை. பாயில் அமர்ந்தபடியே நாடாவை இழுப்பது போலவும் இழை முடிவது போலவும் கைகளை அசைத்துக்கொண்டிருந்தார். உடல் அனலாய்க் கொதித்தது. மாலை அணிந்தவர் என்பதால் சாமி வந்திருப்பதாகச் சிலர் கூறினர்; காற்றுக் கருப்பு என்றனர் வேறு சிலர். இதுவே மது நிறுத்தத்தின் மிகக் கடுமையான நிலையாகிய மனக்குழப்ப நிலை. பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே தோன்றும். தம் அன்றாடத் தொழிலின் அசைவுகளையே கைகள் செய்வது இந்நிலையில் காணப்படும் ஓர் அடையாளம். சிகிச்சை இல்லையேல் உயிரிழப்பும் நேரலாம்; உரிய சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோர் பிழைக்கின்றனர்.

மனைவி ஒரு முக்கியச் செய்தியைச் சொன்னார். முந்தைய ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் அவர் மாலை அணிந்து குடியை நிறுத்தியவர். முதன்முறை நடுக்கம் மட்டும் இருந்தது. இரண்டாம் முறை ஒரு வலிப்பு வந்தது. இப்போது இது. மீண்டும் மீண்டும் திடீரென நிறுத்தித் தொடங்கும்போது ஒவ்வொரு முறையும் மூளையின் எதிர்வினை கடுமையாகக்கூடும். ஆகவே, ‘போன முறை ஒன்றும் ஆகவில்லையே’ என்பது இம்முறைக்கு உத்தரவாதம் ஆகாது.

மருத்துவமனையில் செய்வது என்ன?

முதலில் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், உடல் வெப்பம், சர்க்கரை அளவு ஆகியவற்றைப் பார்க்கிறோம். தலையில் அடிபட்டிருக்கிறதா, நுரையீரலில் கிருமித் தொற்று உள்ளதா, கல்லீரல் எந்நிலையில் உள்ளது என்பதையும் ஆராய்கிறோம். மனக்குழப்பத்திற்கு இவையும் காரணமாகலாம். இரத்தத்தில் பொட்டாசியம், மெக்னீசியம் போன்ற உப்புகள் குறைந்திருந்தால் ஈடுசெய்கிறோம்.

அடுத்து தயமின் எனும் வைட்டமின் பி1 ஊசி. நெடுநாள் குடிப்பவர்கள் சரியாக உண்பதில்லை. உண்பதிலிருந்தும் இச்சத்து குடலில் சரிவர ஏறுவதில்லை. இது மிகக் குறைந்தால் கண்ணசைவு பாதிக்கப்படும், நடை தள்ளாடும், நினைவாற்றல் நிலையாகவே கெடலாம். உடல் குளுக்கோஸைப் பயன்படுத்தத் தயமின் தேவை. இருக்கும் சிறிதளவையும் குளுக்கோஸ் தீர்த்துவிடக்கூடும். ‘சோர்வாக இருக்கிறார், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுங்கள்’ என்று குடும்பத்தார் கேட்பது வழக்கம். குடிப்பழக்கம் உள்ளவருக்குத் தயமினை முன்னதாகவோ உடனாகவோ கொடுத்த பிறகே அதைச் செய்ய வேண்டும். எனவே எந்த மருத்துவரிடம் சென்றாலும் குடிப்பழக்கத்தை மறைக்காதீர்கள்.

மூன்றாவது, மூளையின் மிகைத் தூண்டுதலை அடக்கும் மருந்து. டயசிபாம், குளோர்டயசெபாக்சைடு, லோராசிபாம் ஆகியவை இவ்வகையின. கதவு உவமைப்படி, அப்புறம் தள்ளியவரின் இடத்தில் இம்மருந்து நின்று, பின்னர் சிறிது சிறிதாக விலகுகிறது. நடுக்கம், வியர்வை, குமட்டல், பதற்றம், மாயக்காட்சி ஆகியவற்றுக்குச் செவிலியர் குறித்த இடைவெளியில் மதிப்பெண் இடுவார்கள். அதற்கேற்ப மருந்தின் அளவு கூடும் அல்லது குறையும். அறிகுறிகள் அடங்கியபின் நாள்தோறும் படிப்படியாகக் குறைத்து, பொதுவாக ஐந்து முதல் ஏழு நாட்களில் மருந்தை நிறுத்திவிடுகிறோம். கல்லீரல் பழுதடைந்தவருக்கு லோராசிபாம் பொருத்தமானது. மற்றவை உடலில் தேங்கி மயக்கத்தை மிகுவிக்கும்.

இம்மருந்துகளைத் தாமாகவே வாங்கிக் கொடுப்பது ஆபத்தானது. இவற்றை விழுங்கியவர் அதன்மேல் குடித்தால் மூச்சே அடங்கிவிடலாம். அளவு கூடினால் மயக்கம், குறைந்தால் வலிப்பு. இரண்டுக்கும் இடையே நிறுத்துவது மருத்துவரின் பணி.

நெசவாளரை வெளிச்சமுள்ள அமைதியான அறையில் வைத்தோம் எனக் கொள்வோம். மனைவி அருகிலிருந்து நாளையும் நேரத்தையும் இடத்தையும் மீண்டும் மீண்டும் சொல்கிறார். தெரிந்த முகமும் குரலும் குழப்பத்தைத் தணிக்கும். வெள்ளி இரவு அவர் நன்றாக உறங்குகிறார். சனிக்கிழமை மனைவியை அடையாளம் கண்டுகொள்கிறார்.

எவர் கட்டாயம் மருத்துவமனையில் தங்க வேண்டும்?

எல்லோருக்கும் படுக்கை தேவைப்படாது. அறிகுறி லேசாக இருந்து, வீட்டில் பொறுப்பானவர் உடனிருந்தால், அடிக்கடி வந்து காட்டிக்கொண்டு வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாம். முன்பு வலிப்போ மனக்குழப்பமோ வந்தவர்கள், முதியோர், கருவுற்ற பெண்கள், கல்லீரல் அல்லது இதய நோய் உள்ளவர்கள், தனித்து வாழ்பவர்கள் ஆகியோர் தங்கியே சிகிச்சை பெற வேண்டும். தற்கொலை எண்ணத்தைச் சொல்பவரைத் தனியே விடக் கூடாது. அவரும் தங்க வேண்டியவரே.

எலும்பு முறிவுக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ சேர்க்கப்படுபவருக்கும் அன்றே குடி நின்றுவிடுகிறது என்பதை மறவாதீர்கள். மூன்றாம் நாள் அவர் உளறத் தொடங்கிய பிறகு சொல்வதைவிட, சேர்க்கும் போதே சொல்லிவிட்டால் நாங்கள் முன்கூட்டியே மருந்து தொடங்க முடியும்.

குடியை விட முடிவெடுத்தவர் மாலை அணியும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் மருத்துவரைக் காணும் வரை சட்டென்று முற்றிலும் நிறுத்த வேண்டாம். வரும்போது மூன்று செய்திகளைச் சொன்னால் போதும்: நாளொன்றுக்கு எத்தனை குவார்ட்டர், கடைசியாகக் குடித்த நாளும் நேரமும், முன்பு நிறுத்தியபோது நிகழ்ந்தவை. ஏற்கெனவே நிறுத்திவிட்டவருக்கு வலிப்பு, உளறல், காய்ச்சல், நிற்காத வாந்தி இவற்றில் ஒன்று தோன்றினாலும் 108-ஐ அழையுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலிமானஸ் எண் இரவும் பகலும் இயங்குகிறது.

இந்த ஏழு நாள் சிகிச்சை உடலை ஆபத்திலிருந்து மீட்பது மட்டுமே. குடிக்கும் வேட்கை அதன் பின்னும் இருக்கும். அதற்குரிய மருந்துகளும் ஆலோசனையும் தனியே உண்டு; வீடு திரும்பும் நாளிலேயே அவற்றைக் கேட்டுத் தொடங்குங்கள். ஒன்றை மட்டும் எச்சரிக்கிறோம்: நோயாளி அறியாமல் அவருடைய உணவில் டைசல்பிராம் மாத்திரையைக் கலக்காதீர்கள். அதன்மேல் அவர் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.