சிவப்புப் பொட்டு வைத்த பொட்டலம்

2013-ஆம் ஆண்டு புனே நகரில் குப்பை சேகரிக்கும் பெண்கள், வீடுகளில் எடுத்த குப்பையிலிருந்து பயன்படுத்திய நாப்கின்களைத் தனியாகச் சேர்த்து மூட்டை கட்டி, அவற்றைத் தயாரித்து விற்ற நிறுவனங்களுக்கே அனுப்பி வைத்தார்கள். 'ஸ்வச்' என்ற கூட்டுறவு அமைப்பைச் சேர்ந்தவர்கள் அவர்கள். அந்த நகரத்து மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, வாசல் வாசலாகப் போய்க் குப்பை எடுத்துத் தரம் பிரிப்பதுதான் அவர்களுடைய பிழைப்பு. 'நீங்கள் விற்ற பொருளை நாங்கள் தினமும் வெறுங்கையால் தொட வேண்டியிருக்கிறது, இதில் உங்களுக்கும் பொறுப்பு உண்டு' என்பதே அந்த மூட்டைகள் சொன்ன செய்தி.

வெறுங்கையால் ஏன் தொட வேண்டும்? வீட்டில் நன்றாகச் சுற்றித்தானே போடுகிறோம் என்று தோன்றும். சுற்றத்தான் செய்கிறோம், ஆனால் யார் கண்ணிலும் படக்கூடாது என்பதற்காகச் சுற்றுகிறோம். கடையில் வாங்கும்போதே நாப்கின் பாக்கெட்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்பு கேரி பையில் போட்டுத் தருகிறார்கள். அதே கறுப்புப் பையில், பயன்படுத்தியதையும் போட்டு முடிச்சுப் போட்டுக் குப்பைக்கூடையில் அமுக்குகிறோம். அந்தப் பை தரம் பிரிக்கும் கூடத்துக்குப் போகிறது. அங்கே நிற்கும் பணியாளருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கறுப்புப் பை எதைச் சொல்லும்? உள்ளே பால் கவர் இருக்கலாம், பிளாஸ்டிக் பாட்டில் இருக்கலாம், நேற்றைய சோறு இருக்கலாம். மக்கும் குப்பையா, மக்காத குப்பையா என்று பிரித்தாக வேண்டும். முடிச்சு இறுகியிருக்கும்; விரலால் கிழிப்பார். ஈரமும் நாற்றமும் கையில் பட்ட பிறகுதான் என்னவென்று தெரியும். நம் வீட்டில் எவ்வளவு கவனமாக மறைக்கிறோமோ, அவ்வளவு உறுதியாக அது இன்னொருவர் கையில் போய்ப் பிரிகிறது.

புனேயிலும் பெங்களூருவிலும் இதற்குக் கண்டுபிடித்த வழி மிக எளிது. நாப்கினையும் டயப்பரையும் செய்தித்தாளில் பொட்டலமாக மடித்து, மேலே சிவப்பு மையால் ஒரு பெரிய பொட்டு அல்லது பெருக்கல் குறி போட்டுத் தனியாகக் கொடுங்கள் என்றார்கள். பொட்டலமே 'என்னைப் பிரிக்காதே' என்று சொல்லிவிடும். பணியாளர் அதைத் திறக்காமல் அப்படியே தனிப் பெட்டியில் போடுவார். செய்தித்தாளைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. காகிதம் கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு சூளையில் சேர்ந்து எரிந்துவிடும். பாலித்தீன் பையோ ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்துக் கிருமி பெருக இடம் கொடுக்கும்.

பொட்டலம் கட்டும் முன் ஒரு பழக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும். நம் ஊரில் பல பெண்கள் நாப்கினைக் கழுவிப் பிழிந்துவிட்டுத்தான் போடுவார்கள். ரத்தத்தோடு வெளியே போனால் தோஷம் என்ற பயம், பாம்பு தாண்டினால் பிள்ளை பிறக்காது என்ற கதை, யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. துணி வைத்த காலத்தில் கழுவுவது அவசியம். திரும்பப் பயன்படுத்த வேண்டுமே. ஒருமுறை பயன்படுத்தும் நாப்கினைக் கழுவினால் நேர்மாறான விளைவுதான். அதன் நடுவில் மரக்கூழும், நீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் ஜெல் துகளும் இருக்கின்றன. அடியில் பிளாஸ்டிக் படலம், மேலே பிளாஸ்டிக் இழையால் ஆன மெல்லிய விரிப்பு. குழாயடியில் பிடித்ததும் அந்தத் துகள்கள் தண்ணீரைக் குடித்து, ஊறிய ஜவ்வரிசி போல உப்பி, உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். பொட்டலம் கனக்கும், ஒழுகும், சூளையில் எரியாது. வழிந்த ஜெல் குளியலறைச் சாக்கடையில் போய் நிற்கும். கழுவாமல், உலர்ந்தபடி சுருட்டிக் கட்டுவதே சுத்தம்.

சுருட்டுவது இப்படி. நாப்கினை எடுத்ததும் கறை பட்ட பக்கம் உள்ளே போகும்படி ஒரு முனையிலிருந்து இறுக்கமாகச் சுருட்ட வேண்டும். புதிய நாப்கின் வந்த உறை கையிலேயே இருக்கும். அதில் வைத்து ஒட்டிவிடலாம். பிறகு அரைத்தாள் செய்தித்தாளின் நடுவில் வைத்து, மளிகைக் கடையில் பருப்புப் பொட்டலம் மடிப்பதைப் போல இரண்டு ஓரங்களையும் உள்ளே மடக்கினால் பிரியாது. சிவப்பு ஸ்கெட்ச் பேனா ஒன்றைக் குளியலறை அலமாரியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலங்களை மூடி உள்ள சின்னக் கூடையில் போட்டு, அன்றன்றைக்கு வண்டியில் கொடுத்துவிட வேண்டும். 'மூன்று நாள் சேர்த்துக் கொடுத்துக்கொள்ளலாம்' என்று வைத்தால் காகிதம் நனைந்து கிழியும், நாற்றமும் வரும். பொட்டலம் கட்டியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

டயப்பரில் ஒரு வேலை கூடுதல். மலம் இருந்தால் அதை முதலில் கழிவறைக் கோப்பையில் தட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது போக வேண்டிய இடம் அதுதான். பிறகு டயப்பரைச் சுருட்டி, இடுப்பில் ஒட்டும் பட்டைகளாலேயே சுற்றி ஒட்டிப் பொட்டலம் கட்டலாம். குழந்தையைத் துடைத்த ஈரத்தாளும் அதே பொட்டலத்தில் போகட்டும். ஈரத்தாளையோ டயப்பரையோ கழிவறைக்குள் போடவே கூடாது. குழாய் வளைவில் சிக்கி உப்பி, அடைப்பு எடுக்க ஆளை இறக்கும் நிலைக்கு அதுவும் ஒரு காரணமாகிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் சாக்கடைக் குழிகளில் உயிர் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

'பச்சைக் குழந்தையின் மலம்தானே, அதில் என்ன வந்துவிடும்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்படியல்ல. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ரோட்டா வைரஸ் குழந்தைகளின் மலத்தில்தான் கூட்டமாக இருக்கும். ரத்தத்தில் கவலைப்பட வேண்டியது முதலில் ஹெபடைடிஸ் பி. அந்த வைரஸ் உலர்ந்த ரத்தத்திலும் 7 நாளாவது உயிரோடிருக்கும். எச்.ஐ.வி. உடலுக்கு வெளியே அவ்வளவு தாக்குப்பிடிக்காது. எல்லா நாப்கினிலும் நோய் இருக்கிறது என்று பொருளில்லை. மாதவிடாய் ரத்தம் விஷமும் அல்ல. கண்ணாடிச் சில்லும் தகர மூடியும் கீறிய விரலோடு ஒருவர் தினமும் நூற்றுக்கணக்கான பைகளைப் பிரிக்கும்போது, அரிதான ஆபத்தும் ஒரு நாள் நேர்ந்துவிடலாம் என்பதுதான் விஷயம்.

இந்தப் பேச்சு வந்தால் எல்லோரும் நாப்கினைப் பற்றியே பேசுகிறார்கள். வண்டியில் ஏறும் எடையைப் பார்த்தால் கதை வேறு. ஒரு பெண்ணுக்கு மாதத்தில் 5 நாள், நாளுக்கு 4 என்று வைத்தால் 20 நாப்கின். எல்லாம் சேர்ந்து அரை கிலோவை ஒட்டி வரும். ஒரு கைக்குழந்தைக்கு நாளுக்கு 6 டயப்பர், நனைந்த ஒன்று 200 கிராம் என்றால் நாளுக்கு 1.2 கிலோ, மாதத்துக்கு 36 கிலோ. எழுபது பெண்களின் நாப்கின் எடை ஒரே குழந்தையிடமிருந்து வந்துவிடுகிறது. படுத்த படுக்கையாக இருக்கும் தாத்தாவுக்கு நாளுக்கு 4 டயப்பர் மாற்றினால், ஒன்று அரை கிலோ என்றாலும் தினம் 2 கிலோ. மாதவிடாய்க் கழிவு என்று மட்டும் நினைத்துச் சின்ன டப்பா ஒன்றை வண்டியில் மாட்டினால் இரண்டாவது தெருவிலேயே அது நிரம்பி, மூன்றாவது தெருப் பொட்டலங்கள் மக்காத குப்பைக்குள் போய்விடும். எந்தத் தெருவில் கைக்குழந்தை இருக்கிறது, எந்த வீட்டில் படுக்கை நோயாளி இருக்கிறார் என்பது அந்தந்தப் பகுதித் தூய்மைப் பணியாளருக்கே தெரியும். அவர்களைக் கேட்டுப் பெட்டியின் அளவை முடிவு செய்யும் நகராட்சி பாதி வெற்றி பெற்றுவிடும்.

சட்டத்திலேயே ஒரு ஓட்டை நெடுநாள் இருந்தது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாப்கினையும் டயப்பரையும் உறையில் சுற்றி மக்காத குப்பைக்கான தொட்டியில் போடச் சொல்லின. பாக்கெட்டோடு உறை தருவதைத் தயாரிப்பு நிறுவனங்களின் கடமைகளில் ஒன்றாகச் சேர்த்தன. முன்னேற்றம்தான், ஆனால் பிளாஸ்டிக், அட்டை, உலோகம் என்று மறுசுழற்சிக்காகக் கையால் கிளறப்படுவதே மக்காத குப்பைதானே! அதிலேயே இதையும் போடச் சொன்னது வினோதம். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் குப்பையை நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. அதில் சுகாதாரக் கழிவு தனி வகை. இந்தூரில் வீட்டு வாசலுக்கு வரும் வண்டியிலேயே இதற்குத் தனித் தடுப்பு பல வருடங்களாக இருக்கிறது. வாசலில் பிரித்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டினால் வீட்டில் பிரித்தவர் இரண்டாவது வாரம் நிறுத்திவிடுவார் என்பதை அங்கே புரிந்துகொண்டார்கள். குப்பையை அமுக்கும் காம்பாக்டர் லாரியில் இந்தப் பொட்டலங்களை ஏற்றுவது இன்னும் மோசம். அழுத்தத்தில் ஜெல் வெடித்துக் காய்கறிக் கழிவோடு கலந்தால் உரமும் கெடும்.

கடைசியில் இவை போய்ச் சேர வேண்டிய இடம் சூளை. வீட்டுக் கொல்லையில் சருகோடு போட்டுக் கொளுத்துவதைச் சூளை என்று நினைக்க வேண்டாம். குறைந்த சூட்டில் பிளாஸ்டிக் பாதி எரிந்து நச்சுப் புகையாக நம் மூக்குக்கே வரும். மருத்துவக் கழிவை எரிக்கும் பொது நிலையத்தில் முதல் அறை 800 டிகிரி செல்சியஸ் அளவில் எரியும். அங்கிருந்து எழும் புகையை இரண்டாம் அறையில் 1,050 டிகிரி அளவில் குறைந்தது 2 விநாடி வைத்துத் திரும்ப எரிப்பார்கள். அந்த இரண்டாம் எரிப்புதான் நச்சு வாயுவைச் சிதைக்கிறது. பள்ளிக் கழிவறைச் சுவரில் மாட்டியிருக்கும் சிறிய மின்சாரப் பெட்டிகள் பலவற்றில் இந்த ஏற்பாடு கிடையாது. ஒரே சமயத்தில் அளவுக்கு மீறித் திணித்தாலோ, கழுவிய ஈர நாப்கினைப் போட்டாலோ சூடு இறங்கிவிடும். உங்கள் பள்ளியில் அது சரியாக வேலை செய்கிறதா என்பதைச் சாம்பல் தட்டை இழுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். வெளிறிய நிறத்தில் பொடியாக இருந்தால் எரிந்திருக்கிறது. கருகிய கட்டியாக, உருகிய பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டிருந்தால் எரியவில்லை. அந்தப் புகைதான் பக்கத்து வகுப்பறைக்குள் போகிறது. அப்படியிருந்தால் பெட்டியை அணைத்துவிட்டு, பொட்டலமாகக் கட்டி நகராட்சி வண்டியில் கொடுப்பதே மேல்.

படுக்கை நோயாளி இருக்கும் வீட்டுக்கு இன்னொன்று. இன்சுலின் ஊசியை டயப்பர் பொட்டலத்துக்குள் வைத்து ஒருபோதும் சுருட்டாதீர்கள். காகிதத்தைத் துளைத்துக்கொண்டு எடுப்பவர் கையில் ஏறும். ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி, அதன்மேல் 'ஊசி' என்று எழுதித் தனியாகக் கொடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் சங்கக் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நம் கட்டடத்துச் சிவப்புப் பொட்டுப் பொட்டலங்களை எடுத்துப் போகும் வண்டி எது, அவற்றை அது எங்கே இறக்குகிறது?