வானத்தில் பட்டைகள் விழுவது ஏன்?

மாலை வானத்தை வீடியோ எடுக்கும்போது கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். பிறகு எடிட்டிங்கில் உட்கார்ந்து கான்ட்ராஸ்டைக் கூட்டி நிறத்தை ஏற்றியதும், நீலத்திலிருந்து ஆரஞ்சுக்கு வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டிய வானம் பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கும். எடிட்டர் கெடுத்துவிட்டார் என்று பழி விழும். ஆனால் அந்தப் பட்டைகள் படம்பிடித்தபோதே கோப்புக்குள் வந்துவிட்டவை. எடிட்டிங் அவற்றைக் கண்ணில் படும்படி பெரிதாக்கியது, அவ்வளவுதான்.

கேமரா ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் ஓர் எண்ணாகப் பதிகிறது. எட்டு பிட் என்றால் அதற்கு 256 எண்கள் உண்டு. பத்து பிட் என்றால் 1024. பார்ப்பதற்கு மட்டும் என்றால் எட்டு பிட் பெரும்பாலும் போதும். இழுத்து மாற்றப்போகிறோம் என்றால்தான் சிக்கல்.

2018-இல் வந்த சோனி ஏ7 III கேமராவை எடுத்துக்கொள்வோம். அதில் எஸ்-லாக்3 என்ற பதிவுமுறை உண்டு. வெயிலும் நிழலும் ஒரே படத்தில் அடங்குவதற்காக வெளிச்சத்தைச் சுருக்கிப் பதியும் முறை அது. படம் முதலில் வெளிறிச் சாம்பல் பூத்திருக்கும், கிரேடிங்கில்தான் உயிர் வரும். ஆனால் இந்தக் கேமரா வீடியோவை எட்டு பிட்டில் மட்டுமே பதியும்.

உச்சி வானத்தைவிட அடிவானம் இரண்டு மடங்கு பிரகாசமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஸ்-லாக்3 இந்த இரண்டு மடங்குக்குப் பத்து பிட்டில் சுமார் 78 எண்களை ஒதுக்குகிறது. எட்டு பிட்டில் அதில் கால்பங்கு, ஏறக்குறைய 20. 4கே படத்தின் 2160 வரிகளில் பாதி வானம் என்றால், 1080 வரிகளை இந்த 20 எண்கள் பங்குபோட வேண்டும். 54 வரிகளுக்கு ஒரே எண். அடுத்த 54 வரிகளுக்கு அடுத்த எண்.

இதைச் சாதாரண டி.வி. படமாக விரிக்கும்போது அதே வானம் ஏறத்தாழ 58 எண்கள் அகலத்துக்கு நீள்கிறது. கையில் இருப்பதோ 20 எண்கள். அதனால் ஒவ்வொரு பட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்று எண்கள் தாவல் விழுகிறது. சமதளமான இரண்டு நிறங்கள் சேரும் விளிம்பை நம் கண் தப்பாமல் பிடித்துவிடும். பத்து பிட்டில் பதிந்திருந்தால் 58 இடங்களுக்கு 78 எண்கள் இருக்கும். ஓர் இடமும் காலியாகாது. கடைசியில் வெளியாகும் வீடியோ எட்டு பிட்தான் என்றாலும், பத்து பிட்டில் படம்பிடிப்பதன் பலன் இதுவே.

கிரேடிங் மென்பொருளின் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். வரைபடம் சீப்பின் பற்கள்போல் இடைவெளி விட்டு நின்றால் எண்கள் போதவில்லை என்று பொருள். அது நிறைவாக இருந்தும் பட்டை தெரிந்தால் உங்கள் மானிட்டரைச் சந்தேகியுங்கள்.

பலர் 4:2:0 என்ற நிறப்பதிவைக் குற்றம் சாட்டுகிறார்கள். அது இந்த விஷயத்தில் நிரபராதி. 4:2:0-இல் சதுரமாக அமைந்த நான்கு புள்ளிகளுக்கு வெளிச்சம் தனித்தனி, நிறம் மட்டும் பொது. 4:2:2-இல் பக்கத்துப் பக்கத்து இரண்டு புள்ளிகள் ஒரு நிறத்தைப் பகிர்கின்றன. பச்சைத் திரைக்கு முன் நிற்பவரின் தலைமுடியை வெட்டியெடுக்கும்போது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வானத்தின் நிறம் மெதுவாகத்தான் மாறும். நான்கு புள்ளிகள் ஒரே நிறத்தைப் பகிர்ந்தாலும் அங்கே பெரிதாக எதுவும் தொலைவதில்லை. வானத்துக்கு எட்டு பிட் 4:2:2-ஐவிடப் பத்து பிட் 4:2:0 மேல்.

ஏ7 III-இன் எச்.டி.எம்.ஐ. வழியே வருவது எட்டு பிட் 4:2:2. அதை வெளி ரெக்கார்டரில் பத்து பிட் கோப்பாகப் பதிந்தாலும் உள்ளே இருப்பவை பழைய 256 எண்களே. கோப்பின் பெயர்ப்பலகையை நம்பி ஏமாற வேண்டாம்.

எடுத்து முடித்த காட்சியைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. கிரேடிங் முடிந்த பிறகு, ஏற்றுமதி செய்வதற்கு முன், மெல்லிய கிரெயின் சேருங்கள். தாவலின் அளவுக்கு, அதாவது இரண்டு மூன்று எண்கள் அளவுக்கு அது இருந்தால் பட்டையின் விளிம்பு சிதறி மறையும். பிட்ரேட்டைக் குறைத்தால் அந்தக் கிரெயினைச் சுருக்கமுறை துடைத்துவிடும். பட்டைகள் திரும்ப வரும்.

எட்டு பிட் கேமரா மட்டுமே இருக்கிறது என்றால், வானம் நிறைந்த காட்சிகளுக்கு லாக் வேண்டாம். சாதாரண பதிவுமுறையில், வெளிச்சத்தையும் வொயிட் பேலன்ஸையும் அங்கேயே சரியாக வைத்து எடுங்கள். அதே வானத்துக்கு 20 எண்களுக்குப் பதில் ஏறத்தாழ 58 எண்கள் முதலிலேயே கிடைத்துவிடும்.