பொட்டல உணவின் லேபிளைச் சரிபார்த்தல்

இந்தியாவில் பொட்டலமாக அடைத்து விற்கப்படும் உணவின் மேல் என்னென்ன விவரங்கள் இருக்க வேண்டும் என்பதை இரண்டு விதித்தொகுப்புகள் தீர்மானிக்கின்றன. மூலப்பொருட்கள், காலாவதி நாள், உரிம எண் போன்றவை 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் ஒழுங்குமுறைகளின் கீழ் வருகின்றன. நிகர எடை, விலை ஆகியவை 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருட்கள் விதிகளின் கீழ் வருகின்றன. விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். தமிழ் கட்டாயம் அல்ல. எனவே தமிழ்நாட்டுக் கடைகளில் லேபிளைப் படிப்பது பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களைப் படிப்பதாகவே இருக்கிறது.

எடுத்துக்காட்டாக, 200 கிராம் எடையும் 40 ரூபாய் விலையும் கொண்ட ஒரு கோதுமை பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளலாம். முன்பக்கத்தில் கோதுமைக் கதிர் படம் உள்ளது. பின்பக்கத்தில் மூலப்பொருட்கள் இந்த வரிசையில் உள்ளன: மைதா, சர்க்கரை, பாமாயில், கோதுமை மாவு 12%, பால் பவுடர், உப்பு, பொங்கச் செய்யும் பொருட்கள் 500(ii), 503(ii), எமல்சிஃபயர் 322.

மூலப்பொருட்களைத் தயாரிப்பின்போது சேர்த்த அளவின்படி இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. எனவே இது பெயரில் கோதுமை பிஸ்கட். உண்மையில் மைதா பிஸ்கட். படத்தாலோ சொல்லாலோ ஒரு பொருளை முன்னிறுத்தினால் அதன் விழுக்காட்டையும் குறிப்பிட வேண்டும் என்பதால்தான் 12% என்ற எண் அங்கே இருக்கிறது. அந்த ஓர் எண்ணிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. சர்க்கரையும் பாமாயிலும் கோதுமை மாவுக்கு முன்னால் இருப்பதால், அவை ஒவ்வொன்றும் 12 விழுக்காட்டுக்குக் குறைய முடியாது. அதாவது இந்த மாவுக் கலவையில் ஒவ்வொரு 100 கிராமுக்கும் 12 கிராம் சர்க்கரையாவது இருக்கும்.

500(ii) என்பது சமையல் சோடா. 322 என்பது லெசித்தின். இது பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுக்கப்படுகிறது. ஒவ்வாமை உள்ளவர்கள் எண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கோதுமை, பால், முட்டை, மீன், வேர்க்கடலை, பருப்புக் கொட்டைகள், சோயா போன்றவை சேர்ந்திருந்தால் 'அடங்கியுள்ளது' என்ற பொருளில் தனி வரி இருக்க வேண்டும். 'அடங்கியிருக்கலாம்' என்ற வரி வேறு. அப்பொருள் சேர்க்கப்படவில்லை, ஆனால் அதே ஆலையில் கையாளப்படுவதால் கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதே அதன் பொருள். வேர்க்கடலை ஒவ்வாமை கடுமையாக உள்ள குழந்தைக்கு இந்த இரண்டாவது வரியும் தவிர்க்கப் போதுமான காரணம்.

தேதியில் இரண்டு சொற்கள் குழப்பம் தருகின்றன. 'யூஸ் பை' அல்லது 'எக்ஸ்பைரி' என்பது கட்டாயம். அந்த நாளுக்குப் பின் பொருளை விற்கவோ உண்ணவோ கூடாது. 'பெஸ்ட் பிஃபோர்' என்பது சுவையும் மொறுமொறுப்பும் குறையாமல் இருக்கும் காலம். இதை விருப்பப்பட்டால் கூடுதலாக அச்சிடலாம். தேதி திருத்தப்பட்டதா என்பதைக் கண்டுபிடிக்க, அதே பிஸ்கட்டின் இன்னொரு பாக்கெட்டோடு ஒப்பிடுவது எளிய வழி. மற்ற பாக்கெட்டுகளில் தயாரிப்புக்கும் காலாவதிக்கும் இடையே 6 மாதம் இருக்க, ஒன்றில் மட்டும் 10 மாதம் இருந்தால் ஐயப்பட வேண்டும். தேதியின் மேல் ஒட்டப்பட்ட ஸ்டிக்கர், துடைத்த தடம், எண்களின் வடிவ மாறுபாடு ஆகியவையும் அடையாளங்கள்.

நிகர எடை என்பது உறையை நீக்கிய எடை. 200 கிராம் பாக்கெட்டில் 4.5%, அதாவது 9 கிராம் வரை குறைவதை விதி பொறுத்துக்கொள்கிறது. வீட்டுத் தராசில் 194 கிராம் வந்தால் அது மட்டுமே குற்றம் ஆகாது. ஆனால் பல பாக்கெட்டுகளை எடுத்து நிறுத்தால் சராசரி 200 கிராமுக்குக் குறையக் கூடாது. எடையளவு ஆய்வாளர்கள் பல பாக்கெட்டுகளை நிறுப்பது இதற்காகத்தான். விலையின் அருகே ஒரு கிராமுக்கு 20 காசு என்று அலகு விலையும் இருக்கும். விலையை மாற்றாமல் எடையை மட்டும் குறைத்த பாக்கெட்டை இந்த எண் காட்டிக்கொடுக்கும்.

14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண் 1 என்று தொடங்கினால் அது உரிமம்; 2 என்று தொடங்கினால் சிறு தயாரிப்பாளருக்கான பதிவு. ஆணையத்தின் 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியில் இந்த எண்ணை இட்டு, வரும் பெயர் பாக்கெட்டில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். நிறுவனம் பதிவு பெற்றது என்பதை மட்டுமே இது சொல்லும். பிஸ்கட்டின் தரத்தைச் சொல்லாது.

100 சதுர சென்டிமீட்டருக்குக் குறைவான பரப்புள்ள சிறு பாக்கெட்டில் மூலப்பொருள் பட்டியல் இல்லாமல் இருப்பது தவறல்ல; அது பல பாக்கெட்டுகளை அடக்கிய பெரிய உறையில் இருக்கும். தேதி, உள்ளடக்கம் பற்றிய புகார்கள் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும், எடை, விலை பற்றியவை தமிழ்நாட்டில் தொழிலாளர் துறைக்கும் செல்லும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகார் தரும்வரை பாக்கெட்டையும் ரசீதையும் எறியாமல் வைத்திருக்க வேண்டும். எடைப் புகார் என்றால் பாக்கெட்டைப் பிரிக்கவே கூடாது.