இனி என்ன செய்யப் போகிறீர்கள்?

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் துறைக்கு ஓர் உதவிப் பேராசிரியர் தேவை என்று விளம்பரம் வந்தால், விண்ணப்பங்கள் நூற்றுக்கணக்கில் குவியும். அதில் நாலைந்து பேரைத்தான் நேரில் அழைப்பார்கள். அழைக்கப்பட்டவர் பெரும்பாலும் இரண்டு நாள் அங்கேயே தங்கி, பேராசிரியர்களைத் தனித்தனியாகச் சந்தித்து, அவர்களோடு சாப்பிட்டு, பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போய்த் திரும்புவார். ஆனால் வேலை கிடைக்குமா கிடைக்காதா என்பது பெரும்பாலும் இரண்டு கூட்டங்களில் தெரிந்துவிடும்.

முதலாவது, மாணவர்கள் முதல் துறைத்தலைவர் வரை எல்லோரும் கேட்கும் 50 நிமிட உரை. இதுவரை என்ன கண்டுபிடித்தீர்கள் என்பதைப் படங்களோடு சொல்வது. இரண்டாவது கதவைச் சாத்திக்கொண்டு நடப்பது. பேராசிரியர்கள் மட்டும் இருப்பார்கள். திரை கிடையாது, படம் கிடையாது. ஒரு பலகையும் எழுதுகோலும்தான். இதற்கு ‘சாக் டாக்’ என்று பெயர். அடுத்த ஐந்து வருடம் என்ன செய்யப் போகிறீர்கள், அதற்கு யார் பணம் தருவார்கள் என்று ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் குடைவார்கள்.

முதல் உரை சுமாராக இருந்து தப்பியவர்கள் உண்டு. இரண்டாவதில் தடுமாறியவர் தப்புவது அபூர்வம்.

காசநோய் ஆய்வாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான், ஆனால் அறிவியல் நிஜம். காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து சாப்பிடவேண்டியிருக்கிறது. மருந்து பட்டவுடன் பெரும்பாலான கிருமிகள் செத்துவிட்டாலும் சில மட்டும் பிழைத்துக்கிடப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அவற்றின் மரபணு மாறியிருக்காது. அவற்றின் வாரிசுகளை அதே மருந்து கொல்லும். 1944இல் ஜோசப் பிக்கர் என்ற மருத்துவர் வேறொரு கிருமியில் இதைக் கவனித்துப் பெயரும் வைத்தார். ஏன் சில மட்டும் பிழைக்கின்றன? தூங்குகின்றன, வளர்வதில்லை, அதனால் பிழைக்கின்றன என்பது பழைய விளக்கம். 2013இல் வந்த ஓர் ஆய்வு, காசநோய்க் கிருமியின் ஆபத்தில்லாத உறவுக்கிருமியைத் தனித்தனி செல்லாகப் படம்பிடித்துப் பார்த்தது. ஐசோனயசிட் மருந்தில் பிழைத்த செல்களுக்கும் வளர்ச்சி வேகத்துக்கும் தொடர்பே இல்லை. அந்த மருந்தைச் செயல்பட வைக்கும் கேட்ஜி என்ற நொதி எந்த செல்லில் எப்போது சுரக்கிறது என்பதில்தான் விஷயம் இருந்தது.

நம் ஆய்வாளர் இதற்கு அடுத்த படியில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ரிஃபாம்பிசின் மருந்தில் பிழைக்கும் செல்கள், மருந்து வரும் முன்பே அதை வெளியே தள்ளும் பம்புகளைக் கூடுதலாக வைத்திருந்தன என்பது அவர் கண்டது. கையில் மூன்று கட்டுரைகள். மூன்றையும் 50 நிமிடத்துக்குள் திணிக்கத்தான் மனம் சொல்லும். அதைக் கேட்கக்கூடாது. அரங்கில் பாதிப் பேர் ஈயையும் செடியையும் ஆராய்பவர்கள். ஆறு மாதம் ஏன் என்ற ஒற்றைக் கேள்விக்கு முதல் பத்து நிமிடத்தைக் கொடுத்து, பம்பு பற்றிய கட்டுரையை முழுதாகச் சொல்லி, மற்ற இரண்டையும் ஒரு வாக்கியத்தில் தாண்டிப்போவதே சரி. கடைசி ஐந்து நிமிடம் எதிர்காலத்துக்கு.

இனி மூடிய அறை. பலகையில் மூன்று நோக்கங்களை எழுதுகிறார். ஒன்று, பம்பை இயக்கும் மரபணுவைக் கண்டுபிடிப்பேன். இரண்டு, அந்த மரபணுவை நீக்கிவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பேன். மூன்று, அதைத் தடுக்கும் வேதிப்பொருளைத் தேடி எலியில் சோதிப்பேன்.

பார்வைக்கு அழகான திட்டம். பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்கிறார்: “முதலாவதில் ஒரு மரபணுவும் கிடைக்காவிட்டால்?”

இரண்டும் மூன்றும் அந்த நிமிடமே செத்துவிட்டன. ஆராய்ச்சித் திட்டங்களில் இதைவிடச் சாதாரணமான தவறும் இல்லை, இதைவிட ஆபத்தானதும் இல்லை. கேள்வி கேட்டவர் குதர்க்கம் பேசவில்லை. நாளை பணம் கொடுக்கும் குழுவும் இதையேதான் கேட்கும் என்பது அவருக்குத் தெரியும். அவரே அப்படிப்பட்ட குழுக்களில் உட்கார்ந்திருப்பார்.

திருத்தி எழுதினால் இப்படி வரும். மரபணுத் தேடல் முதல் நோக்கமாகவே இருக்கட்டும். இரண்டாவது அதை நம்பியிருக்கவேண்டாம்: உறவுக்கிருமியில் கண்டது நிஜமான காசநோய்க் கிருமியிலும் நடக்கிறதா என்று பார்ப்பது. மூன்றாவதற்குப் புது வேதிப்பொருள் எதற்கு? இருதய நோய்க்குக் கொடுக்கும் வெராபமில் இந்த வகைப் பம்புகளைத் தடுக்கும் என்று ஏற்கெனவே தெரியும். மனித நோயெதிர்ப்பு செல்லுக்குள் ஒளிந்திருக்கும் கிருமிகளில் அதைச் சேர்த்தால் பிழைப்பவை குறைகின்றனவா என்று அளக்கலாம். ‘இல்லை’ என்று விடை வந்தாலும் கட்டுரை உண்டு. ஒன்று தோற்றாலும் மற்ற இரண்டும் நிற்கும்.

உடனே அடுத்த கேள்வி வரும், நடைமுறைக் கேள்வி. உறவுக்கிருமி சுமார் மூன்று மணி நேரத்தில் இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். அங்கே ஒரே நாளில் எடுத்த படத்துக்கு இங்கே ஒரு வாரம் ஆகும். அதுவும் மூன்றாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகத்துக்குள். அப்படி ஓர் ஆய்வகம் அந்த வளாகத்தில் இருக்கிறதா, நுண்ணோக்கியை உள்ளே வைக்க இடம் உண்டா என்பதை முதல் நாள் சந்திப்புகளிலேயே விசாரித்து வைத்திருக்கவேண்டும். பலகை முன்னால் நின்று யோசிப்பவரை யாரும் நம்பமாட்டார்கள்.

பணக் கணக்கு தனி. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆர்-01 என்ற நிதிதான் உயிரியல் ஆய்வகங்களின் சோறு. வழக்கமான எளிய பட்ஜெட் முறையில் நேரடிச் செலவுக்கு ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை கேட்கலாம், அதிகபட்சம் ஐந்து ஆண்டு. பெரிய தொகையாகத் தெரியும். முனைவர் பட்டம் முடித்த ஓர் ஆய்வாளருக்கே சம்பளம் ஆண்டுக்கு 60,000 டாலருக்கு மேல். அப்படி இருவர், ஒரு மாணவர், கொஞ்சம் எலி, கொஞ்சம் ரசாயனம் என்றால் பணம் தீர்ந்தது. ஐந்து பேர் செய்யவேண்டிய வேலையைப் பலகையில் எழுதினால், இவருக்கு ஆய்வகம் நடத்தத் தெரியாது என்று அனுபவஸ்தர்கள் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள். அந்த விண்ணப்பத்தின் நோக்கங்கள் ஒரே பக்கத்தில் அடங்கவேண்டும் என்பது விதி. பலகையில் எழுதுவது அந்தப் பக்கத்தைத்தான்.

சங்கடமான ஒரு கேள்வி பாக்கி: “உங்கள் பழைய ஆசிரியரும் இதையே செய்யமாட்டாரா?” பெரிய ஆய்வகத்தோடு புதிய ஆள் போட்டிபோட்டு ஜெயிக்கமுடியாது. பம்பு எனக்கு, மற்றது உங்களுக்கு என்று ஆசிரியரிடம் பேசி முடித்துவிட்டுத்தான் விமானம் ஏறவேண்டும். அவர் தன் பரிந்துரைக் கடிதத்தில் அதை ஒரு வரி எழுதிவிட்டால், பிறகு பேச்சே இல்லை.

இந்தியாவில் ஐஐஎஸ்சி, ஐசர் போன்ற இடங்களுக்கு விண்ணப்பிப்பவர்களிடமும் எதிர்கால ஆய்வுத் திட்டம் கேட்கிறார்கள். வெளிநாட்டில் எழுதிய திட்டத்தை அப்படியே கொண்டுவராதீர்கள். காசநோய்க் கிருமியில் வேலை என்றால், சென்னை தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் போல மூன்றாம் நிலை ஆய்வகம் உள்ள இடம் எது என்று பார்த்து, அங்கே யாரோடு சேர்ந்து செய்யப்போகிறீர்கள் என்பதை முன்பே பேசி, அவர் பெயரைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.