ஆறாம் வரிசையில் ஒரு யானைக் காவல்

சதுரங்கப் பலகையில் மிச்சமிருப்பது இரண்டு ராஜா, இரண்டு யானை, ஒரே ஒரு சிப்பாய். அந்தச் சிப்பாய் எதிராளியுடையது. தோற்றுவிட்டோம் என்று கை கொடுக்கத் தோன்றும். ஆனால் காய்கள் சரியான இடத்தில் இருந்தால் டிரா நிச்சயம். அந்த வழியைக் காட்டியவர் பிலிடோர் என்ற பிரெஞ்சுக்காரர். ஆப்பராக்களுக்கு இசையமைத்து வாழ்ந்த அவர், தமது சதுரங்க நூலின் 1777-ஆம் ஆண்டுப் பதிப்பில் இதை விளக்கினார்.

ஓர் உதாரணம். வெள்ளை ராஜா d5-இல், சிப்பாய் e5-இல், யானை a7-இல். கறுப்பு ராஜா e8-இல், சிப்பாயின் பாதையை மறித்து நிற்கிறது. கறுப்பு யானை h6-இல், அதாவது ஆறாம் வரிசையில்.

இந்த வரிசைதான் வேலி. வெள்ளை ராஜா d6-க்கோ e6-க்கோ போக முடியாது. யானை அங்கே குறி வைத்திருக்கிறது. ராஜா முன்னேறாமல் கறுப்பை நெருக்க வழியில்லை. கறுப்பு அவசரப்பட வேண்டியதில்லை. யானையை g6-க்கும் h6-க்குமாக நகர்த்திக் காத்திருந்தால் போதும்.

வேலியை உடைக்க வெள்ளைக்கு ஒரே வழி, சிப்பாயை e6-க்குத் தள்ளுவது. இப்போது d6 மறைந்துவிட்டது. அடுத்து ராஜா அங்கே வந்தால், a8-இல் யானை இறங்கி மேட் என்ற மிரட்டல் உண்டு.

அந்தக் கணமே கறுப்பு யானை h1-க்கு இறங்க வேண்டும். வெள்ளை ராஜா d6-க்கு வந்தால் d1-இலிருந்து செக். e5-க்குத் திரும்பினால் e1-இலிருந்து செக். மறுபடி d6 என்றால் மறுபடி d1. சிப்பாய் e5-இல் இருந்தவரை, e6 கட்டம் ராஜாவுக்குப் பின்பக்கச் செக்கிலிருந்து காக்கும் குடையாக இருந்திருக்கும். சிப்பாய் முன்னேறி அந்தக் கட்டத்தைத் தானே பிடித்துக்கொண்டது. இனி ராஜாவுக்கு ஒளிய இடமில்லை. அது சிப்பாயை விட்டுத் தூரம் போனால், கறுப்பு யானை சிப்பாயையே குறி வைக்கும்.

தவறுவது பெரும்பாலும் நேரத்தில்தான். சிப்பாய் e5-இல் இருக்கும்போதே யானை கீழே இறங்கினால், வெள்ளை ராஜா e6-க்கு வந்து மேட் மிரட்டும். அப்போதும் டிரா உண்டு. ஆனால் கறுப்பு ராஜா f8 பக்கம்தான் விலக வேண்டும், வேலையும் கடினம். தாமதம் இன்னும் மோசம். சிப்பாய் e6-க்கு வந்த பிறகும் யானை பழக்கதோஷத்தில் g6-க்கு நகர்ந்தால், ராஜா d6-க்கு வந்துவிடும். கறுப்பால் யானையை இழக்காமல் ஒரு செக்கும் சொல்ல முடியாது, ஆட்டம் போய்விடும்.

இந்தக் காவலுக்கு நிபந்தனை இரண்டு: கறுப்பு ராஜா சிப்பாயின் முன்னே நிற்க வேண்டும், வெள்ளை ராஜா ஆறாம் வரிசையைத் தொடுமுன் கறுப்பு யானை அங்கே வந்திருக்க வேண்டும். ஆகவே சிப்பாய் ஐந்தாம் வரிசைக்கு வருமுன்னரே அனுபவசாலிகள் யானைக்கு அந்த வழியைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.